டொலர்க் கடனை ரூபாவில் எழுதி வைக்காதீர்கள்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோனது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கங்களில் வெள்ளம் புகுந்தது. வீடு திருத்த வேண்டியவர்கள் திருகோணமலை நகருக்கு வந்து கூரைத் தகடு, ஆணி, வயர் என்று விலை கேட்கும்போது அவர்களிடம் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த விலை எந்தக் கணக்கில் வந்தது?

அந்தக் கேள்விக்குப் பல இறக்குமதியாளர்களிடமே சரியான விடை இல்லை. அவர்கள் மறைக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் வங்கி எவ்வளவு பிடித்தது, டொலரில் இன்னும் எவ்வளவு கொடுக்க வேண்டும், அது எந்தத் திகதியில் என்பதை அவர்களுடைய கணக்கு மென்பொருள் சொல்வதில்லை. தெரியாத செலவுக்கு விலை வைக்கும்போது சில நேரம் வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுக்கிறார், சில நேரம் வியாபாரி அழிந்துபோகிறார்.

2022-இல் இரண்டாவது நடந்தது. அதிலிருந்து கற்க வேண்டியதை நாம் இன்னும் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவரவில்லை.

எல்சி எப்படி ஓடுகிறது

நாணயக் கடிதத்தை வியாபாரிகள் எல்சி என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டு விற்பனையாளருக்கு நம் வங்கி கொடுக்கும் வாக்குறுதி அது. சரக்கைக் கப்பலில் ஏற்றி, கேட்ட பத்திரங்களைக் குறையில்லாமல் கொடுத்தால் பணம் வரும் என்பதே அந்த வாக்குறுதி. வங்கி பார்ப்பது பத்திரங்களை மட்டுமே. சரக்கு நல்லதா கெட்டதா என்பது வங்கியின் வேலை அல்ல.

பத்திரங்கள் வந்தவுடன் பணம் கொடுப்பது ஒரு வகை. 90 நாள், 120 நாள் தவணையில் கொடுப்பது இன்னொரு வகை. நகரின் சிறிய, நடுத்தர இறக்குமதியாளர்களுக்குத் தவணை எல்சி பிடிக்கும். சரக்கை விற்று வரும் காசிலேயே கடனை அடைத்துவிடலாம் அல்லவா?

சீனக்குடாப் பக்கத்து மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் கோதுமையும் கிளிங்கரும் நேரே நம் துறைமுகத்துக்குக் கப்பலில் வருகின்றன. அந்த அளவு நிறுவனங்களில் எல்சியைப் பார்க்கவென்றே ஆட்கள் இருப்பார்கள். மத்திய வீதியில் விற்கும் பொருளோ கொள்கலனில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லொறியில் நமக்கு வருகிறது. அதற்கான எல்சியைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கு எழுதுபவர். சம்பளம், வற் வரி, காசோலை எல்லாம் அவர் தலையில்தான். இந்தக் கட்டுரை அவருக்கும் அவருடைய முதலாளிக்கும்.

ஒரு எல்சியின் கணக்கு

ஓர் உதாரணத்தை எடுப்போம். வியாபாரி கற்பனை. திகதிகளும் டொலர் போன போக்கும் நாட்டில் நடந்தவை.

2021 ஒக்டோபர் 11 அன்று ஒருவர் 10,000 கூரைத் தகட்டுக்கு 60,000 டொலர் எல்சி திறக்கிறார். கப்பலில் ஏற்றிய திகதியிலிருந்து 120 நாள் தவணை. டொலர் 203 ரூபா. மத்திய வங்கி அந்த அளவிலேயே பிடித்து வைத்திருந்த காலம் அது. டிசம்பர் 20 அன்று சரக்கு கப்பலில் ஏறுகிறது. அங்கிருந்து 120 நாள் எண்ணினால் பணம் கட்டும் நாள் 2022 ஏப்ரல் 19.

சரக்கின் விலை 203 ரூபாப்படி 1 கோடியே 21 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. சுங்க வரி, துறைமுகச் செலவு, லொறிக் கூலி எல்லாம் 30 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி 10,000 தகட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1,518 ரூபா வருகிறது. அவர் 1,640 ரூபாவுக்கு விற்கிறார். தகடொன்றுக்கு 122 ரூபா இலாபம் என்று நினைக்கிறார். பெப்ரவரி முடிவதற்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. கணக்கு மென்பொருளில் அந்தச் சரக்கு முடிந்த கதை.

மார்ச் 7 அன்று மத்திய வங்கி டொலரைப் பிடித்து வைத்திருந்த கையைத் தளர்த்தியது. மார்ச் 31-இல் வங்கிகளின் விற்பனை வீதம் சுமார் 299 ரூபாவுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது.

ஏப்ரல் 19-இல் டொலர் 330 ரூபா என்று வைத்துக்கொண்டால், 60,000 டொலருக்கு அவர் கட்ட வேண்டியது 1 கோடியே 98 இலட்சம். எழுதி வைத்திருந்த தொகையை விட 76 இலட்சத்து 20 ஆயிரம் அதிகம். தகடொன்றுக்கு 762 ரூபா. 122 ரூபா இலாபத்தில் விற்ற பொருளுக்கு 762 ரூபா கையிலிருந்து போகிறது. விற்றுத் தீர்ந்த தகட்டுக்கு இனிமேல் விலை கூட்டவும் வழியில்லை.

டொலர் ஏறியதற்கு அந்த வியாபாரி பொறுப்பல்ல. ஆனால் மார்ச் 7-க்கும் ஏப்ரல் 19-க்கும் இடையில் ஆறு வாரம் இருந்தது. தான் 60,000 டொலர் கடனில் நிற்கிறேன் என்பதை ஒவ்வொரு காலையும் கணக்கு அவருக்குக் காட்டியிருந்தால் அடுத்த சரக்கின் விலையை மாற்றியிருப்பார், கடனுக்கு விற்பதை நிறுத்தியிருப்பார், வங்கியோடு நேரத்துக்குப் பேசியிருப்பார். அவருடைய கணக்கோ 203-ஐயே காட்டிக்கொண்டிருந்தது.

வங்கி பிடிக்கும் காசு எங்கே போகிறது

அந்த 122 ரூபா இலாபமும் முழுக்க உண்மையில்லை. வங்கிக் கட்டணங்கள் அதில் சேரவில்லை.

எல்சி திறக்கும் தரகு பெரும்பாலும் காலாண்டுக் கணக்கில்தான் அறவிடப்படும். காலாண்டில் ஒரு நாள் புகுந்தாலும் முழுக் காலாண்டுக்கான கட்டணம். நம் உதாரணத்தில் காலாண்டுக்கு 0.4 சதவீதம் என்று கொள்வோம். வங்கிக்கு வங்கி வீதம் மாறும். கணக்கை விளக்கவே இந்த எண்.

முதலில் நவம்பர் 30-க்குள் சரக்கு ஏற்ற வேண்டும் என்றுதான் எல்சி இருந்தது. அப்படி ஏறியிருந்தால் பணம் கட்டும் நாள் மார்ச் 30 ஆகியிருக்கும். ஒக்டோபர் 11-இலிருந்து இரண்டு காலாண்டு ஏப்ரல் 10 வரை போகும், ஆகவே இரண்டு காலாண்டுக் கட்டணம் 97,440 ரூபா போதும். விற்பனையாளர் தாமதித்தார். ஏற்றும் திகதியை டிசம்பர் 20-க்குத் திருத்த வேண்டியதாயிற்று. பணம் கட்டும் நாள் ஏப்ரல் 19-க்குப் போனது. ஒன்பது நாள் தாண்டியதற்கு மூன்றாவது காலாண்டுக் கட்டணம் 48,720 ரூபா.

தவணையை வங்கி ஏற்றுக்கொள்வதற்கு அரை சதவீதம் என்றால் 60,900 ரூபா. திருத்தக் கட்டணமும் சுவிப்ட் செய்திக் கட்டணமும் சேர்த்து 12,500 ரூபா என்று வைப்போம். மொத்தம் 2 இலட்சத்து 19 ஆயிரத்து 560 ரூபா. தகடொன்றுக்கு 22 ரூபா. நினைத்த 122 ரூபா இலாபம் 100 ஆகிவிட்டது. டொலர் அசையாமலே இருந்திருந்தாலும் இலாபத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் அவர் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

இது எப்படிக் கண்ணில் படாமல் போகிறது? வங்கிக் கூற்றில் இவை தனித்தனியாக, வெவ்வேறு நாட்களில், சிறு சிறு தொகைகளாக விழுகின்றன. கணக்கு எழுதுபவர் எல்லாவற்றையும் ‘வங்கிக் கட்டணம்’ என்ற ஒரே கணக்கில் போடுகிறார். காசோலைப் புத்தகக் கட்டணமும் எல்சி திருத்தக் கட்டணமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. வருட முடிவில் அது ஒரு பெரிய தொகை. எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.

திருத்தத்துக்கான செலவை விற்பனையாளரிடம் கேட்டிருக்கலாம், தாமதம் அவருடையது. 48,720 ரூபாவும் திருத்தக் கட்டணமும் அதனால் போனது என்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்?

கடன் மூன்று கட்டமாக வளர்கிறது

ஓர் எல்சியைக் கணக்கில் எழுதுவதில் பெரும்பாலான பிழைகள் ஒரு காரணத்தால் வருகின்றன. பணம் கட்டும் நாளில்தான் அது கணக்குக்குள் வருகிறது. உண்மையில் கடன் அதற்கு முன்பே மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

எல்சி திறந்த நாளில் அது ஒரு கடப்பாடு. பேரேட்டில் இன்னும் கடனில்லை, ஆனால் பதிவேட்டில் இருக்க வேண்டும். எல்சி இலக்கம், வங்கி, டொலர்த் தொகை, ஏற்ற வேண்டிய கடைசித் திகதி, எல்சி முடியும் திகதி, தவணை நாட்கள் ஆகியவை அதில் வேண்டும். திருத்தம் வந்தால் பழையதை அழிக்காமல் புதிய வரியாகச் சேர்க்க வேண்டும்.

சரக்கு கப்பலில் ஏறி, வாங்குபவரின் பொறுப்புக்கு வந்ததும் அது உண்மையான கடன். அன்றைய வீதத்தில் ‘வழியிலுள்ள சரக்கு’ என்று ஒரு பக்கம், ‘எல்சிக் கடன்’ என்று மறுபக்கம் எழுத வேண்டும். இந்தக் கடனை மென்பொருளில் டொலர்க் கணக்காகவே திறக்க வேண்டும். மென்பொருள் ரூபாவையும் காட்டட்டும், ஆனால் மூலத்தொகை டொலராக இருக்க வேண்டும். இந்த ஒரு தெரிவில்தான் நம் கடைகள் பல தவறுகின்றன.

பத்திரங்கள் வங்கிக்கு வந்ததும் அவற்றைப் பார்க்க வங்கிக்கு ஐந்து வங்கி நாட்கள் உண்டு. சர்வதேச வர்த்தக சபையின் விதி அது. பத்திரத்தில் பிசகு இருந்தால் வங்கி வாங்குபவரிடம் கேட்கும். அவர் ஏற்றுக்கொண்டால் பணம் கட்டும் திகதி உறுதியாகிவிடும். அந்தத் திகதி அன்றே மென்பொருளில் ஏற வேண்டும். முதலாளியின் நினைவிலோ சுவர் நாட்காட்டியிலோ இருந்தால் போதாது.

இனி மார்ச் 31. நம் நாட்டில் பெரும்பாலான நிறுவனங்களின் நிதியாண்டு முடியும் நாள். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 21-இன்படி வெளிநாட்டு நாணயத்திலுள்ள கடனை அன்றைய வீதத்தில் மறுபடி கணக்கிட வேண்டும். நம் உதாரணத்தில் 299 ரூபாவில் அது 1 கோடியே 79 இலட்சத்து 40 ஆயிரம். ஆக 57 இலட்சத்து 60 ஆயிரம் நட்டத்தை அந்த ஆண்டிலேயே எழுத வேண்டும். மீதி 18 இலட்சத்து 60 ஆயிரம் அடுத்த ஆண்டுக்குரியது. இதைச் செய்யாமல் 10 இலட்சம் இலாபம் என்று காட்டிய ஐந்தொகையை நம்பி அந்த ஏப்ரலில் ஒருவர் புதிய எல்சி திறந்திருந்தால், இல்லாத இலாபத்தின் மேல் நின்று திறந்திருக்கிறார்.

ஒரு கவனம் வேண்டும். இந்த டொலர் நட்டத்தைக் கையிருப்புச் சரக்கின் விலையோடு கூட்டக் கூடாது. நியமம் அதற்கு இடம்தருவதில்லை, அது இலாப நட்டக் கணக்கில்தான் விழ வேண்டும். தவணைக்கான வட்டியும் தனியே நிதிச் செலவில் போக வேண்டும். ஆனால் விற்பனை விலை வைக்கும்போது கட்டும் நாளில் டொலர் எங்கே நிற்கலாம் என்பதை முதலாளி பார்த்தே ஆக வேண்டும். எனவே மென்பொருளிலிருந்து ஒவ்வொரு எல்சிக்கும் இரண்டு எண் வேண்டும்: கணக்குக்கான அடக்க விலை ஒன்று, இன்றைய வீதத்தில் அடக்க விலை ஒன்று.

மார்ஜின் பணம் காப்பாற்றாது

எல்சி திறக்கும்போது வங்கி ஒரு பகுதியை முன்பணமாகப் பிடித்து வைக்கும். நம் உதாரணத்தில் 25 சதவீதம், அதாவது 30 இலட்சத்து 45 ஆயிரம் ரூபா. சிலர் இதைச் செலவு என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் விற்பனையாளருக்குக் கொடுத்த முற்பணம் என்று எழுதுகிறார்கள். இரண்டும் தவறு. அது வங்கியிடம் இருக்கும் நம் பணம். எல்சி இலக்கத்தோடு சேர்ந்த சொத்தாக அதை எழுத வேண்டும்.

இதைவிடப் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. கால்பங்கு கட்டியாயிற்று, முக்கால்பங்குதான் பாக்கி என்று பலர் நினைக்கிறார்கள். மார்ஜின் ரூபாவில் கிடக்கிறது. 203 ரூபாவில் அது 15,000 டொலருக்குச் சமம். 330 ரூபாவில் 9,227 டொலருக்குத்தான் வரும். பாக்கி 45,000 டொலர் என்று நினைத்தவருக்கு உண்மையில் 50,773 டொலர் பாக்கி.

பணம் கட்டி முடிந்த பிறகு இந்த மார்ஜின் கடனில் கழிக்கப்பட்டதா, கணக்குக்குத் திரும்பியதா என்று பார்ப்பவர்களும் குறைவு. எல்சி இலக்கத்தோடு சேர்ந்த தனிக் கணக்காக இருந்தால், முடிந்த எல்சியில் மீதி நின்றதும் தெரிந்துவிடும்.

உங்கள் கணக்கைச் சோதிக்க மூன்று வழி

கணக்காளர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலாளியே ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம்.

முதலாவது, பேரேட்டிலுள்ள எல்சிக் கடனை ரூபாவில் எடுத்து, வங்கி உறுதிப்படுத்தும் பாக்கி டொலரால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் இன்றைய வீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. எல்சி திறந்த நாளின் வீதமாக இருந்தால் உங்கள் கடன் இன்னும் பழைய டொலரில் கிடக்கிறது.

இரண்டாவது, ‘வங்கிக் கட்டணம்’ கணக்கைத் திறந்து எல்சி இலக்கம் இல்லாத வரிகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வங்கியின் பற்று அறிவித்தலை எடுத்து, வீதமும் நாள்கணக்கும் சரியா என்று கட்டண அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, ‘வழியிலுள்ள சரக்கு’ கணக்கில், களஞ்சியத்துக்கு வந்துசேர்ந்த எல்சி ஏதாவது இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதற்குரிய ஏதோ ஒரு செலவு அடக்க விலையில் சேரவில்லை, அல்லது இரண்டு முறை சேர்ந்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்

இதற்குப் புதிய மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இப்போதுள்ள மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் ‘செலவு மையம்’ அல்லது ‘வேலை இலக்கம்’ என்று ஒரு வசதி இருக்கும். ஒவ்வொரு எல்சியையும் ஒரு வேலை இலக்கமாகத் திறந்து, அது இல்லாமல் எந்த இறக்குமதிச் செலவையும் பதிய முடியாதபடி பூட்டிவிடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் எக்செல் தாளில் ஒரு எல்சிக்கு ஒரு வரி போதும். ஆனால் மாதம் ஒருமுறை பேரேட்டோடு அது ஒத்துப்போக வேண்டும்.

ஒவ்வொரு திங்களும் காலையில் முதலாளியின் மேசைக்கு ஒரு தாள் வரட்டும். அடுத்த 30, 60, 90 நாளில் கட்ட வேண்டிய டொலர், திகதி, இன்றைய வீதத்தில் ரூபா, டொலர் 10 ரூபா ஏறினால் கூடும் தொகை. 60,000 டொலர் கடன் உள்ளவருக்கு அந்தக் கடைசி எண் 6 இலட்சம். முற்கூட்டியே வீதத்தை நிர்ணயித்து டொலர் வாங்கும் ஒப்பந்தத்துக்கு வங்கி கேட்கும் விலை நியாயமா என்று தீர்மானிக்க இந்த எண் வேண்டும்.

வங்கிகளிடம் ஒன்று கேட்கிறோம். எல்சி தொடர்பாகப் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் வங்கிக் கூற்றில் எல்சி இலக்கத்தையும் கட்டணத்தின் பெயரையும் அச்சிடுங்கள். எல்சியின் விபரம் கொழும்பிலுள்ள பிரிவில் கிடக்கிறது என்று கிளையில் சொல்லி அனுப்புவதால், திருகோணமலை வாடிக்கையாளர் தன் கட்டணத்தைச் சரிபார்க்க நாட்கணக்கில் அலைகிறார். எல்சி முடிந்ததும் அதன் எல்லாக் கட்டணத்தையும் ஒரே தாளில் தந்தால் பாதிச் சிக்கல் தீரும். கடன் கொடுக்கும் அலுவலர்கள் ஐந்தொகையோடு எல்சிப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கட்டும்.

மாவட்டத்தின் வர்த்தக சங்கங்கள் கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கலாம். ஒரு முடிந்த எல்சிக் கோப்பை எடுத்து, முதல் விண்ணப்பத்திலிருந்து கடைசிப் பற்று அறிவித்தல் வரை பதிந்து காட்டினால் போதும். விலை விசாரிக்கும் நுகர்வோர் விவகார அதிகார சபை அலுவலர்களும் அதில் இருக்கட்டும். நியாயமான விலையையும் கொள்ளை விலையையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு இந்தக் கோப்பை வாசிக்கத் தெரிய வேண்டும்.

2025 முழுவதும் டொலர் 300 ரூபாவைச் சுற்றியே நின்றது. 2021-இன் கடைசி மாதங்களிலும் அது 203-ஐ விட்டு அசையவில்லை. அசையாத காலத்தில்தான் தவணை எல்சிகள் பெருகும், கணக்கைப் பற்றிய கவலையும் குறையும். வீடு திருத்தும் மக்களுக்காகச் சரக்கு அதிகமாக வரவேண்டிய இந்த நேரத்தில், இறக்குமதியாளர்களே, அடுத்த எல்சி விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன், திறந்திருக்கும் ஒவ்வொரு எல்சியிலும் எத்தனை டொலர் பாக்கி என்று உங்கள் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். விடை வர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால், விண்ணப்பத்தை ஒரு வாரம் தள்ளிவைத்து முதலில் கணக்கைச் சரிசெய்யுங்கள்.